போர் தண்ணீரா, மாநகராட்சி இணைப்பா? வீடு கட்டும்போது நாங்கள் போட்ட கணக்கு

கோவையின் வடக்குப் பகுதியில் மூன்று சென்ட் மனையில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது, பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள். போர் போடாமல் வீடு கட்டவே கூடாது, மாநகராட்சியை நம்ப முடியாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதற்குச் செலவழிக்கும் பணத்தில் பெரிய சம்ப் கட்டிக்கொள்ளுங்கள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரு தரப்பும் அனுபவத்தில் பேசியவர்கள்தான். ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை யாரும் பேசவில்லை. நானும் என் மனைவியும் அங்கிருந்துதான் தொடங்கினோம். வீட்டில் குடியேறி இரண்டு கோடைகளைக் கடந்த பிறகு, அந்தக் கணக்கை எழுதி வைப்பது வீடு கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பொறியாளர்கள் கணக்கிடப் பயன்படுத்தும் அளவு. அதை அவர்கள் வேலைவாரியாகவும் பிரித்துச் சொல்வார்கள்: குளிக்க 55, துணி துவைக்க 20, கழிப்பறைக்கு 30, வீடு கழுவ 10, பாத்திரத்துக்கு 10, சமைக்க 5, குடிக்க 5. ஐந்து பேருக்கு மொத்தம் 675 லிட்டர். இதில் குடிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, குளிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 75 லிட்டர், ஐந்து பேருக்கு 375 லிட்டர். மீதி 300 லிட்டர் உப்புத் தண்ணீராக இருந்தாலும் வேலை நடக்கும். எல்லாக் கழிப்பறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஆற்றுத் தண்ணீரே ஓட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால், தேவை கிட்டத்தட்ட பாதியாகிறது.

அடுத்து, மாநகராட்சிக் குழாய் உண்மையில் எவ்வளவு தரும் என்று பார்க்க வேண்டும். எங்கள் பகுதிக்கு வருவது பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீர். குடிக்கச் சுவையாக இருக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் தினமும் வராது. எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். வாரத்துக்கு ஒரு முறை, இரவில் மூன்று மணி நேரம் வரும் என்றார். குழாய் உடைந்தாலோ கோடை முற்றினாலோ பன்னிரண்டு நாள் வரை இழுத்துவிடுமாம். “தம்பி, எத்தனை நாளைக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். விடும்போது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று வந்து பாருங்கள்” என்று அவரே சொன்னார். தண்ணீர் விட்ட இரவில் அவர் வீட்டுக் குழாயடியில் 20 லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரம் பார்த்தோம். நிறைய 75 விநாடிகள் ஆயின. நிமிடத்துக்கு 16 லிட்டர், மணிக்கு 960 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு 2,880 லிட்டர்.

எங்கள் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு வாளியிலிருந்துதான் வந்தன. ஏழு நாளைக்கு வீட்டு வேலை முழுவதற்கும் 4,725 லிட்டர் வேண்டும். குழாய் தருவது 2,880. எத்தனை பெரிய சம்ப் கட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது, ஏனென்றால் சம்ப் தண்ணீரைச் சேமிக்கும், உண்டாக்காது. எங்கள் தெருவிலேயே 12,000 லிட்டர் சம்ப் கட்டிவிட்டு அதன் மேல்பாதியில் ஒருநாளும் தண்ணீர் ஏறிப் பார்க்காத வீடு இருக்கிறது. அதே நேரத்தில், நல்ல தண்ணீர் வேலைகளுக்கு மட்டும் என்றால் ஏழு நாள் தேவை 2,625 லிட்டர். குழாய் தருவது அதைவிடச் சற்று அதிகம். ஆகவே எங்கள் மனைக்கு இரண்டும் வேண்டும், இரண்டும் சிறியதாக இருந்தால் போதும். ஒரு சிக்கனமான போர், அளவான ஒரு சம்ப், வீட்டுக்குள் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு குழாய்த் தடங்கள். சிறுவாணித் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் தெருவில் இதே கணக்கைப் போட்டால் போரே தேவையில்லை என்று வரலாம். குழாயே வராத புது மனைப்பிரிவில் வேறு விதமாக வரும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

இன்னொரு விஷயம் வரிசையைத் தீர்மானித்தது. எங்கள் பகுதியில் வீட்டுக் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொத்து வரி ரசீது கேட்கிறார்கள். வீடு எழும்பி வரி விதித்த பிறகுதான் அந்த ரசீது கிடைக்கும். அதாவது கட்டுமானம் நடக்கும் மாதங்களில் மாநகராட்சித் தண்ணீர் உங்களுக்கு இல்லை. அப்போது லாரித் தண்ணீர் வாங்க வேண்டும், அல்லது போர் போட்டிருக்க வேண்டும். நாங்கள் போரை அஸ்திவாரத்துக்கு முன்பே போட்டதற்கு இதுவே முதல் காரணம். போர் வண்டி மனைக்குள் வந்து நிற்க இடம் வேண்டும் என்பது இரண்டாவது காரணம். துளையிடும் வண்டியும் கம்ப்ரஸர் வண்டியும் சேர்ந்து வருகின்றன. சுற்றுச்சுவர் எழுந்த பிறகு மூன்று சென்ட்டில் அவற்றை உள்ளே விட வழி கிடையாது.

போர் போடுவதற்கு முன் உள்ளாட்சி அனுமதியை வாங்கினோம். பிறகு அக்கம்பக்கத்துப் போர்களைப் பற்றி விசாரித்தோம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் வந்தார், மின்தடை முறையில் கருவி வைத்துப் பார்ப்பவரும் வந்தார். என் அனுபவத்தில் இவற்றைவிடப் பயன்பட்டது, சுற்றியுள்ள ஏழெட்டு வீடுகளில் கேட்டுக் குறித்துக்கொண்ட விவரம்தான். எந்த ஆண்டு போட்டது, எத்தனை அடி, கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, முதல் ஊற்று எங்கே வந்தது, மே மாதத்தில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடுகிறது. எங்கள் பக்கம் மேலே செம்மண்ணும் மக்கிய பாறையும், கீழே முழுக் கெட்டிப் பாறை. பாறைக்குள் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர். பத்தடி தள்ளிப் போட்டால்கூடக் கதை மாறலாம். ஆனாலும் நாலைந்து வீடுகளில் 450 முதல் 600 அடிக்குள் ஒரு ஊற்று கிடைத்திருக்கிறது என்றால், அது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பக்கத்து வீட்டுப் போர் தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். நம் போரில் வரப்போவதும் ஏறக்குறைய அதே தண்ணீர்தான் என்பதால், தோண்டுவதற்கு முன்பே இது தெரிந்துவிடுகிறது. கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,600 மில்லிகிராம். கடினத்தன்மை 720. குளோரைடு 410. நைட்ரேட் 38. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மைக்கு அந்த எண்கள் 200, 600. ஆகவே கையில் வைத்துக்கொண்டு திரியும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தண்ணீர் தப்பித்திருக்கும், கடினத்தன்மையில் மாட்டிக்கொண்டது. நைட்ரேட்டின் எல்லை 45. அதை நெருங்கியிருந்தது. கழிவுநீர்த் தொட்டிகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

குடிக்க ஆகாத தண்ணீர் வீடு கட்டவும் ஆகாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். இரண்டும் வேறு கேள்விகள். கம்பி கட்டிய கான்கிரீட்டில் கவனிக்க வேண்டியது முக்கியமாகக் குளோரைடு, ஏனென்றால் அது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதற்கான எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். எங்களுக்கு வந்தது 410. சல்பேட்டும் அமிலத்தன்மையும் எல்லைக்குள் இருந்தன. எங்கள் போர் தோண்டிய பிறகு அதன் தண்ணீரையும் தனியாகச் சோதித்து, அந்த அறிக்கையைப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் கான்கிரீட்டுக்கும் நீராற்றுவதற்கும் பயன்படுத்தினோம். 500-ஐத் தாண்டியிருந்தால் அடித்தளம் முதல் கூரை வரை கான்கிரீட் போடும் நாட்களுக்கு மட்டும் லாரித் தண்ணீர் என்று பேசி வைத்திருந்தோம்.

போர் போட்ட நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் அடிக்கணக்கில் போகிறது. ஆழம் கூடக் கூட அடிக்கான விலையும் ஏறும். இரவு நேரம், இரைச்சல், சாம்பல் நிறத் தூசு, பக்கத்து வீட்டு வாசலை நோக்கி ஓடும் சேறு. அந்தச் சூழலில் ஒரு முடிவை எண்களோடு எடுப்பது கடினம். அதனால் எண்களை முன்பே தாளில் எழுதி வைத்திருந்தேன்.

முதலில் கேசிங் பைப். மேல்மண் சரியாமலும் மேல்மட்டக் கசிவு நீர் உள்ளே இறங்காமலும் காப்பது இதுதான். பாறையைத் தொட்டதும் நிறுத்திவிட்டால் சில ஆயிரம் மிச்சம். ஆனால் மேல்பாறை மக்கிப்போய் வெடிப்போடு இருக்கும். அந்த வழியாகக் கழிவுநீர்க் கசிவு போருக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. நைட்ரேட் எண் மனத்தில் இருந்ததால், கெட்டிப் பாறைக்குள் இன்னும் சில அடிகள் இறக்கி உட்காரவைக்கச் சொன்னோம். கேசிங்குக்கு வெளியே மேல்பகுதி இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்தோம். கழிவுநீர்த் தொட்டியை மனையின் எதிர் மூலைக்குத் தள்ளினோம். சிறு மனையில் நாம் கொடுக்க முடிந்த தூரம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் போருக்கு மனை எல்லை தெரியாது.

180 அடியில் தூசு ஈரமானது, தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 520 அடியைத் தாண்டியதும் பாறைத்தூள் நின்று தண்ணீர் பீறிட்டது. போர்க்காரர்கள் இதை இன்ச் கணக்கில் சொல்வார்கள். வெளியேறும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் விட்டு, ‘வி’ வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாக வழியவிட்டு, அந்த வெட்டில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பதுதான் அந்த இன்ச். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இரண்டு இன்ச் என்பது ஒரு இன்ச்சைப் போல இருமடங்கு அல்ல. வெட்டு மேலே போகப் போக விரிவதால், செங்கோண வெட்டில் ஒரு இன்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர், ஒன்றரை இன்ச் என்றால் சுமார் 1,400, இரண்டு இன்ச் என்றால் ஏறத்தாழ 2,900 லிட்டர். ஆகவே “ஒரு இன்ச்தானா?” என்று முகம் சுளிப்பதற்கு முன் அது மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

எங்களுக்கு 640 அடியில் ஒன்றேகால் இன்ச், அதாவது மணிக்குச் சுமார் 900 லிட்டர் காட்டியது. “இன்னும் இருநூறு அடி போனால் இரண்டு இன்ச் வந்துவிடும் சார்” என்றார் வண்டியின் மேற்பார்வையாளர். வரலாம், வராமலும் போகலாம், பாறைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு போரிலிருந்து வேண்டியது நாளுக்கு 300 லிட்டர். செடிகளுக்கு இன்னொரு நூறு. கண்ணெதிரே ஓடுவது அதைவிடப் பல மடங்கு. நிறுத்தச் சொல்லிவிட்டோம். தேவை என்னவென்று தெரியாமல் அந்த இடத்தில் நின்றிருந்தால் எவருக்கும் நிறுத்த மனம் வராது. 900 அடி, 1,000 அடி என்று போய் நிற்கும் போர்களில் பல இப்படித்தான் போனவை என்பது என் எண்ணம்.

அந்த 900 லிட்டரையும் அப்படியே நம்பக் கூடாது. தோண்டிய இரவில் காற்றழுத்தத்தில் வெளியே வருவது, வெடிப்புகளில் நெடுநாளாகத் தேங்கியிருந்ததும் சேர்ந்தது. பிறகு மோட்டார் இறக்கிச் சோதிக்கும்போதும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஆறரை இன்ச் போரில் ஒவ்வோர் அடிக்கும் சுமார் ஆறரை லிட்டர் நிற்கும். எங்கள் போரில் தண்ணீர் மட்டம் 250 அடிக்கு ஏறி நின்றது, மோட்டார் 560 அடியில் தொங்குகிறது. இடையில் உள்ள 310 அடியில் மட்டும் 2,000 லிட்டர். அரை மணி நேரம் மோட்டாரை ஓட்டிக் காட்டி “பாருங்கள், குழாய் நிறைய வருகிறது” என்றால், நீங்கள் பார்ப்பது இந்தக் கையிருப்பை. அது தீர்ந்த பிறகு எவ்வளவு வருகிறது என்பதே ஊற்றின் உண்மையான அளவு. முதல் கோடையில் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, வரத்து குறைந்து ஒரே சீராக நின்ற பிறகு வாளி வைத்து அளந்தோம். மணிக்கு 400 லிட்டர்தான். எங்கள் தேவைக்கு அது போதும் என்பதால் கவலைப்படவில்லை. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் கருகாமல் இருக்க, தானே அணைத்துவிடும் கருவியை மட்டும் பலகையில் சேர்த்தோம்.

போருக்கு நேர் மேலே ஒன்றும் கட்டாதீர்கள். எங்கள் வரைபடத்தில் கார் நிறுத்துமிடத்தின் கூரை அதன் மேலே வந்தது. மோட்டார் பழுதானால் குழாயோடு மேலே இழுக்க வேண்டும், இருபது அடி இரும்புக் குழாய்களாக இருந்தால் அந்த உயரம் முழுவதும் வெட்டவெளி வேண்டும். பொறியாளரிடம் சொல்லிக் கூரையை நான்கு அடி சுருக்கினோம்.

இனி சம்ப். அளவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது சாதாரண ஏழு நாள் இடைவெளியை அல்ல, மோசமான பன்னிரண்டு நாள் இடைவெளியை. 375 லிட்டரைப் பன்னிரண்டால் பெருக்கினால் 4,500. ஆறடிக்கு ஆறடி உள்ளளவு, தண்ணீர் நிற்கும் உயரம் ஐந்தேகால் அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்ற கணக்கில் 5,300 லிட்டருக்கும் சற்று மேல். அதற்கு மேலே கட்டினால் தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்குத்தான் இடம்.

இடத்தையும் உயரத்தையும் பற்றி அளவைவிட அதிகமாக யோசித்தோம். தெருக் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும் இரவுகளில், ஒரு அடி உயர வித்தியாசம்கூடத் தண்ணீர் வருவதையும் வராததையும் தீர்மானிக்கிறது. தெருக் கடைசி வீடுகளில் குழி வெட்டி அதற்குள் குழாய் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆகவே சம்ப்பை வாசல் கேட்டுக்கு அருகிலேயே அமைத்து, உள்ளே விழும் குழாயைத் தெரு மட்டத்துக்கு ஒரு அடி கீழே வைத்தோம். அதனால் குழியின் ஆழம் ஏழடி ஆனது. குழாயின் வாய் நிரம்பிய தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும், மூழ்கக் கூடாது. மூழ்கியிருந்தால், தெருக்குழாய் காலியாகும்போது சம்ப் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். மூடி மட்டும் தரையைவிட ஒன்பது இன்ச் உயரத்தில், மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே போகாதபடி. மிதவை வால்வை அரை இன்ச்சில் போட்டால் குறைந்த அழுத்தத்தில் அதுவே தண்ணீரைத் தடுக்கும், முக்கால் இன்ச் போட்டோம்.

இணைப்புக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி உறிஞ்சும்போது தெருக்குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், பக்கத்திலுள்ள சாக்கடைத் தண்ணீர் அந்த விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு எல்லா வீட்டுக்கும் போகும். பள்ளத்தில் உள்ள சம்ப்பில் தானாக விழவிட்டு, சம்ப்பிலிருந்து மேலே ஏற்றுவதுதான் சரி. கடைசி வீட்டுக் குழந்தையும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

சம்ப் முடிந்ததும் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, மூடி வைத்துப் பார்த்தோம். உலர்ந்த சிமென்ட் முதலில் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் முதல் நாள் இறக்கத்தைப் பொருட்படுத்தாமல், பிறகு போட்ட கோட்டை வைத்துத்தான் கசிவைத் தீர்மானிக்க வேண்டும். இதற்கு போர் தண்ணீரையே பயன்படுத்தினோம். புதுச் சிமென்ட்டின் காரம் போகச் சில முறை நிரப்பி வெளியேற்றிய பிறகே நல்ல தண்ணீரை விட்டோம்.

குழாய் வேலைக்கு வருகிறேன். சுவரை வெட்டிக் குழாய் பதித்துப் பூச்சு பூசிய பிறகு இரண்டு தடங்களாகப் பிரிக்க முடியாது. எங்கள் பிளம்பர் வழக்கமாகச் செய்வது ஒரே மேல்தொட்டி, அதற்குள் போர் குழாயும் சம்ப் குழாயும் வந்து விழும். அப்படிச் செய்தால் இரண்டு தண்ணீரும் கலந்து, முழு வீட்டிலும் நடுத்தரமான ஒரு தண்ணீர் ஓடும். கழிப்பறைக்குப் பில்லூர் தண்ணீர் வீணாகும், கீசருக்குள் சுண்ணாம்பும் படியும். நாங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டு வைத்தோம். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கழிப்பறைத் தொட்டிகள், துணி துவைக்கும் கல், வாசல், செடிகள். நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து சமையலறைக்குத் தனிக் குழாய், குளியலறைகளுக்கும் கீசருக்கும் இன்னொரு குழாய். கூடுதல் செலவு இரண்டாவது தொட்டியும் சில நூறு அடிக் குழாயும் பிளம்பரின் கூலியும்தான்.

பன்னிரண்டு நாள் இடைவெளி இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்தோம். முதல் இடைவெளி முடியும்போது சம்ப்பில் 850 லிட்டர் இருக்கும். ஒரு முறை விட்டால் 2,880 சேரும். மொத்தம் பத்து நாளைக்கு இழுக்காது. அப்போது குளியலறைத் தடத்தை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினால், நல்ல தண்ணீர்ச் செலவு நாளுக்கு நூறு லிட்டராகக் குறைகிறது, ஒரு மாதத்துக்கும் மேல் தாங்கும். இதற்கு இரு தடங்களுக்கும் நடுவில் ஒரு வால்வு போடலாம் என்றார் பிளம்பர். வால்வுகள் நாளடைவில் கசியும், கசிவது வெளியே தெரியாது, உப்புத் தண்ணீர் சமையலறைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் குளியலறைக் குழாயின் தலைப்பில் யூனியன் போட்டு, கழற்றி மாட்டும் சிறு துண்டு ஒன்றை வைத்தோம். அது ஒரு நேரத்தில் ஒரு தொட்டியோடு மட்டுமே பொருந்தும். சமையலறைத் தடத்துக்கு அந்த ஏற்பாடே கிடையாது. போன மே மாதம் இதை மாட்ட வேண்டி வந்தது. மாடிக்குப் போய்க் கையால் திருகி மாற்றும் வேலை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீடு முழுவதற்கும் தண்ணீரை மென்மையாக்கும் கருவி போட்டுவிடுங்கள், போர் ஒன்றே போதும் என்று விற்பனைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கருவி சுண்ணாம்பு உப்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தருகிறது. சோப்பு நுரைக்கும், கீசர் பிழைக்கும். ஆனால் டி.டி.எஸ். குறையாது, குடிநீராகவும் ஆகாது. அதைக் கழுவ மூட்டை உப்பு வேண்டும், கழுவிய உவர்நீர் கடைசியில் நம் மண்ணுக்குள்தான் இறங்கும். மாநகராட்சி இணைப்புக்கு வழியே இல்லாத மனையில் குளியலறைக்காக அதை வாங்குவதில் நியாயம் உண்டு, எங்களைப் போன்ற இடத்தில் இல்லை.

மழைநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லோரும் ஏதோ ஒரு குழி வெட்டுகிறார்கள். கோவையில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், எங்கள் 900 சதுர அடி மாடியில் வீணாவது போக 40,000 லிட்டர் கிடைக்கிறது. நாங்கள் அதை ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாக போருக்குப் பக்கத்து நிலத்தில் இறக்குகிறோம். கேசிங்கில் ஓட்டை போட்டு மாடித் தண்ணீரை நேராக போருக்குள் விடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பறவை எச்சமும் தூசும் வடிகட்டப்படாமல் ஊற்றுக்குள் போகும், பிறகு அந்தப் போரைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

குடியேறிய பிறகு ஒவ்வொரு மே மாதமும் எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கிறோம். கடந்த முறை கடினத்தன்மை 760, நைட்ரேட் 31. தெருவில் புதிதாக மூன்று வீடுகள் எழும்புகின்றன, மூன்றிலும் போர் போட்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்த மே மாதத்தில் நைட்ரேட்டோடு தண்ணீர் மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து, அந்த 250 அடியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.